நாலு சுவர், மூன்று நிறம், தலைக்கு ஒரு லீற்றர்

உடப்பில் ஆடித் தீமிதிப்பு நெருங்கினால் வீடுகளுக்கு பெயின்ற் அடிக்கும் வேலையும் சூடுபிடிக்கும். நிறம் தெரிவு செய்யும் முறை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ஹாட்வெயார் கடையின் குழல் விளக்கின் கீழ் அட்டையை விரித்து, முத்திரை அளவுச் சதுரத்தில் விரல் வைத்து, “இது நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வருவோம். அந்தச் சதுரம் 1,200 சதுர அடியாக விரியும்போது என்ன நடக்கும் என்பதைச் சுவரில் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க எவ்வளவு பெயின்ற், எவ்வளவு காசு, எத்தனை நாள் வேண்டும் என்பதே இந்தக் கணக்கு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 40 அடி, அகலம் 30 அடி, சுவர் உயரம் 10 அடி. மேற்கே கடல், கிழக்கே வீதி. வீதிப் பக்கச் சுவரில் பாதிக்கு விறாந்தை, மீதிப் பாதி வெறும் சுவர். சுற்றளவு 140 அடி. உயரத்தால் பெருக்கினால் 1,400 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 200 கழித்தால் 1,200. இரண்டு பூச்சுக்கு 2,400 சதுர அடி. டின்னில் ஒரு லீற்றர் 10 முதல் 12 சதுர மீற்றர் வரை போகும் என்று போட்டிருப்பார்கள், அதாவது 108 சதுர அடிக்கு மேல். அது வழவழப்பான சுவருக்கான கணக்கு. சீமெந்து பூசிய சொரசொரப்பான வெளிச்சுவருக்கு 90 என்று வைப்பதே புத்தி. 2,400-ஐ 90-ஆல் வகுத்தால் 27 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு 20 லீற்றர் வாளியும் இரண்டு 4 லீற்றர் டின்னும் வாங்கினால் 28.

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன்; உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய வாளியிலும் 4 லீற்றர் டின்னிலும் லீற்றர் ரூ. 2,500, ஒரு லீற்றர் டின்னில் ரூ. 3,000, ஆள் கூலி நாளுக்கு ரூ. 4,000. பெயின்றுக்கு 70,000, இரண்டு பேர் ஐந்து நாளுக்கு 40,000. ஆக, முழு வேலை ரூ. 1,10,000. நிறம் பிடிக்காமல் திரும்ப அடித்தால் இதே தொகை இன்னொரு தடவை போகும்.

இனிச் சோதனை. “அண்ணே, ஒரு சாண் அடிச்சுப் பார்த்தாக் காணாதா?” என்று பெயின்ற் அடிக்கிறவர் கேட்பார். காணாது. சின்னத் துண்டைக் கண் தனியாகப் பார்ப்பதில்லை, சுற்றியுள்ள பழைய நிறத்தோடு சேர்த்தே பார்க்கிறது. பழைய பச்சைச் சுவரின் நடுவே அடித்த சந்தன நிறம் ரோசாச் சாயல் காட்டும். பச்சையை மறைத்ததும் அந்தச் சாயலும் போய்விடும். தவிர, பரப்புக் கூடும்போது அதே நிறம் சற்று வெளிறியும் சற்று அழுத்தமாகவும் தோன்றும். அட்டையில் அடக்கமாக இருந்த மஞ்சள் முழுச் சுவரில் கத்துவது இதனால்தான்.

அளவை முடிவு செய்வது நிறத்துக்கு ஒன்றாக வாங்கும் ஒரு லீற்றர் டின். 3 அடிக்கு 4 அடித் துண்டு என்றால் 12 சதுர அடி. இரண்டு பூச்சு 24. நாலு சுவருக்கு 96. ஒரு லீற்றரின் 90-ஐ அது தாண்டிவிடுகிறது, இன்னொரு டின் உடைக்க வேண்டும். 3 அடிக்கு 3 அடி என்றால் ஒரு சுவருக்கு 18, நாலுக்கும் 72, அதாவது 800 மில்லி. மிச்சமுள்ள 200 மில்லியில் விறாந்தைக்குள் 2 அடிக்கு 2 அடித் துண்டொன்று அடிக்க 90 மில்லி போதும். கடைசி 110 மில்லி ரோலர் குடிக்கும் பங்கு.

ஒவ்வொரு துண்டுக்கும் கீழே 4 அடிக்கு 4 அடி வெள்ளை அடிப்பூச்சு வேண்டும். அப்போது நிறத்தைச் சுற்றி ஆறு அங்குல வெள்ளை விளிம்பு நின்று பழைய நிறத்தைத் தள்ளி வைக்கும். அதற்கும் ஒரு குறை உண்டு: வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். சோதிக்கும் மூன்று நிறத்தில் ஒன்றை “கொஞ்சம் இருட்டு” என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடாதீர்கள். முழுச் சுவரில் அது வெளிறும். நாலு சுவரிலும் பன்னிரண்டு துண்டு, 192 சதுர அடி, இரண்டு லீற்றருக்குச் சற்று மேல் அடிப்பூச்சு. பழைய சுவருக்கு எப்படியும் அடிப்பூச்சு போட வேண்டியிருப்பதால் இதைச் சோதனைச் செலவில் சேர்க்கவில்லை.

மூன்று நிறம், மூன்று டின்: ரூ. 9,000
ஒரு ஆள், ஒரு நாள்: ரூ. 4,000
சிறிய ரோலர், தட்டு, ஒட்டு நாடா: ரூ. 1,500
மொத்தம்: ரூ. 14,500

முழு வேலையில் இது நூற்றுக்குப் பதின்மூன்று. ஏழெட்டு வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் நிறம் பிடிக்காமல் திரும்ப அடிக்கிறார் என்றால் சோதனையும் நட்டமும் சரிக்குச் சரி. அதைவிட அடிக்கடி நடந்தால் சோதனையே மலிவு.

துண்டை எந்த உயரத்தில் அடிப்பது என்று பலர் யோசிப்பதில்லை. ஏணி இல்லாமல் எட்டும் இடத்தில் அடித்துவிடுவார்கள். புத்தளம் கரையோரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 10 அளவிலும் செப்டம்பர் 1 அளவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட 144 நாளும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம். மீதி 221 நாளும் தெற்குப் பக்கம். வடக்குச் சுவரில் நண்பகலில் எப்போதும் நிழல்தான் என்பது லண்டனுக்குச் சரி; அங்கே 51 பாகைக்கும் மேலே நண்பகல் வெயில் வடக்குச் சுவரைத் தொடுவதே இல்லை. அந்த நாடுகளுக்கு எழுதிய நிற ஆலோசனையை நம் கரையில் அப்படியே எடுத்தால் வருடத்தில் அந்த 144 நாளும் பிழைக்கும்.

கூரைத் தாழ்வாரம் இரண்டரை அடி நீட்டியிருக்கிறது என்று வைப்போம். ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கே 75 பாகை உயரத்தில். தாழ்வார நிழல் வடக்குச் சுவரில் 9 அடி இறங்கும். ஆகக் கீழே ஒரு அடிதான் வெயில் படும். டிசம்பர் 21-இல் சூரியன் தெற்கே 59 பாகைக்குச் சற்றுக் கீழே. தெற்குச் சுவரில் நிழல் 4 அடி மட்டும். கீழ் 6 அடியும் வெயிலில். ஆகவே துண்டின் அடி விளிம்பு தரையிலிருந்து 3 அடியில், மேல் விளிம்பு 6 அடியில் இருக்கட்டும். அதற்கு மேலே அடித்தால் தெற்குச் சுவர் காட்டும் வெயில் முகத்தை ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள்.

ஆடித் தீமிதிப்புக்கு முன் சோதிப்பவருக்கு இன்னொரு சிக்கல். ஜூலையில் தெற்குச் சுவரில் நேர் வெயில் இல்லை. அங்கே இருப்பது வானத்திலிருந்து வரும் நீல ஒளியும் மணலிலிருந்து எழும் வெளிச்சமும்தான். அந்த ஒளியில் சாம்பல் நிறம் நீலம் பாய்ந்து நிற்கும். டிசம்பரில் எப்படி இருக்கும் என்று அறியக் காத்திருக்கத் தேவையில்லை. ஜூலை 20 அளவில் காலை 10 மணிக்குக் கிழக்குச் சுவரின் திறந்த பாதியில் வெயில் விழும் சாய்வும், டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவரில் விழும் சாய்வும் ஏறக்குறைய ஒன்றே. கணக்குப் போட்டால் அரைப் பாகை வித்தியாசம்கூட வராது. தாழ்வார நிழலும் அதே 4 அடி. கிழக்குத் துண்டைப் பத்து மணிக்குப் பார்ப்பது தெற்கின் மார்கழியைப் பார்ப்பதுபோல. மேகமில்லாத காலை மட்டும் வேண்டும்.

வடக்குச் சுவரை அதே ஜூலையில் காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்குப் பிறகோ பாருங்கள். வெயில் சுவரை ஒட்டி உராய்ந்துகொண்டு வரும். நிறத்தைவிட மேசனின் மட்டப்பலகை போன தடமும் ரோலர் கோடும்தான் அப்போது கண்ணில் படும். பளபளப்புக் கூடிய பெயின்ற் அந்தத் தடங்களை இன்னும் தூக்கிக் காட்டும். அந்த நேரத்தில் அசிங்கமாகத் தெரிந்தால் நிறத்தைத் தள்ளாதீர்கள். மங்கலான பூச்சு கேளுங்கள், அல்லது சுவரைத் தேய்த்து மட்டமாக்குங்கள்.

மேற்குச் சுவர்தான் கடுமையான பரீட்சகர். பிற்பகல் முழுதும் வெயில், மாலை ஐந்தரைக்குச் செம்மஞ்சள் ஒளி. சந்தன நிறம் அந்த அரை மணி நேரம் தோடம்பழ நிறமாகும், வெளிர் பச்சை அழுக்கு மஞ்சளாகும். அதோடு தென்மேல் பருவக் காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து இதில்தான் அப்பும். துண்டு அடிக்கும் முன் சுவரை நல்ல தண்ணீரால் கழுவி ஒரு நாள் காயவிட வேண்டும். பெயின்றில் கலக்கும் தண்ணீரும் குடிதண்ணீராக இருக்கட்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஒரு வாரம் கழித்து துண்டின் ஓரத்தில் பிளேட்டால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நாடாவை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ற் நாடாவோடு வந்தால், அல்லது துண்டின் மேல் வெள்ளை உப்புப் பூத்தால், பிரச்சினை நிறத்தில் இல்லை, சுவரில்.

விறாந்தைத் துண்டை இரவிலும் பாருங்கள். 6,500 கெல்வின் வெள்ளை பல்பும் 3,000 கெல்வின் மஞ்சள் பல்பும் ஒரே சுவரை இரண்டு சுவராக்கும். பகலில் சிவப்புச் சீமெந்துத் தரை சுவரின் கீழ்ப்பாதியில் ரோசா ஏற்றும். அதற்கு எந்த நிற அட்டையிலும் குறிப்பில்லை.

எத்தனை நாள்? ஈரத்தில் எமல்ஷன் பால்போல் வெளிறியிருக்கும், காய்ந்தால் கறுக்கும், ஆகவே முதல் நாளுக்கு மார்க் கிடையாது. இரண்டாம் நாளும் வேண்டாம். கண்ணுக்குப் பழைய நிறமே பழக்கம். பிறகு பத்து நாள் வைத்தால் வெயில், மேகம் இரண்டையும் பார்க்க வாய்ப்புண்டு. நாலு சுவர், மூன்று நிறம், நாளுக்கு நாலு நேரம் என்றால் 48 பார்வை, யாரும் செய்யமாட்டார்கள். சுவருக்கு இரண்டு நேரம் போதும், நன்றாகத் தெரியும் நேரம் ஒன்று, மோசமாகத் தெரியும் நேரம் ஒன்று. நிறத்துக்கு எட்டுக் கட்டம், கட்டத்துக்குப் பத்து மார்க்.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. உதாரணத்துக்கு, சந்தன நிறம் 80-க்கு 61, சாம்பல் 55 என்று வைப்போம். சந்தனம் மேற்கு மாலைக்கு 2 மட்டுமே வாங்கியது. சாம்பல் எங்கும் 5-க்குக் கீழே போகவில்லை. மாலையில் கதிரை போட்டு உட்காருவது மேற்குப் பக்கம் என்றால் சாம்பலை எடுங்கள். அந்தப் பக்கம் வேலியும் தென்னையும் மட்டும் என்றால் சந்தனம் போகட்டும்.

கையில் காசு குறைவென்றால் எதைக் குறைப்பது? சுவரைக் குறைக்கத்தான் மனம் வரும். இரண்டு சுவரில் மட்டும் அடித்தால் நிறத்துக்கு அரை லீற்றருக்கும் குறைவு போதும், ஆனால் டின் ஒரு லீற்றர்தான். ஆகவே மிச்சம் அரைநாள் கூலி மட்டும்: 14,500 இறங்கி 12,500. நாலு சுவரையும் வைத்துக்கொண்டு ஒரு நிறத்தைக் கடை அட்டையிலேயே கழித்தால் 11,500.