புதுவைக்கும் ஆயிரம், தமிழ்நாட்டுக்கும் ஆயிரமா?

பாக்கெட் சாம்பார்ப் பொடி வாங்குவோர் எத்தனை பேர், மல்லியும் மிளகாயும் வாங்கி அரைப்போர் எத்தனை பேர் என்று விசாரிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 2011 கணக்குப்படி புதுச்சேரியின் மக்கள்தொகை சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம். தமிழ்நாடு 7 கோடியே 21 லட்சம். புதுவையில் ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமென்றால், ஐம்பத்தெட்டு மடங்கு பெரிய தமிழ்நாட்டில் 58 ஆயிரம் பேரையல்லவா கேட்க வேண்டும்? நாமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது தவறு.

ஒரு காசை 1,067 தடவை சுண்டுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை, தலை விழுவது 47 முதல் 53 சதவீதத்துக்குள் நிற்கும். காசுக்கு மக்கள்தொகை ஏது? எத்தனை முறை சுண்டினோம் என்பதுதான் கணக்கு. விசாரணையும் அப்படியே. நூற்றுக்கு நாற்பது பேர் பாக்கெட் வாங்குபவர் என்றால், முதல் ஆளைக் கேட்டபோதிருந்த அந்த விகிதம் ஆயிரமாவது ஆளிடமும் மாறுவதில்லை. எடுத்தது கடலில் ஒரு சொம்பு. மிச்சம் அப்படியே இருக்கிறது. ஆகவே மூன்று சதவீதம் முன்பின் போதுமென்றால் தமிழ்நாட்டுக்கு 1,067 பேர், புதுவைக்கு 1,066 பேர். வித்தியாசம் ஒரே ஒரு ஆள்!

தொகை சிறிதாக இருந்தால் மட்டுமே கணக்கு மாறும். பத்தாயிரம் பேருள்ள ஊருக்கு 964 பேர். கடைக்கு 500 வாடிக்கையாளர்தான் என்றால் 341 பேர். அங்கே பாதிக்கு மேல் கேட்டுவிடுகிறோம், தெரியாதது குறைவு. மாறாக, துல்லியம் கூடினால் செலவு பிடிக்கும். மூன்றை ஒன்றரை சதவீதமாக்க நாலு மடங்கு, அதாவது ஏறத்தாழ 4,270 பேர். இது இரு இடத்துக்கும் பொதுவே.

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் தனித்தனி விடை கேட்டால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆயிரம் வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் பானையைக் கிளறியிருக்க வேண்டும். ஒரு தடவை லாரியில் வந்த துவரம் பருப்பை, கதவோரம் இருந்த மூட்டைகளில் மட்டும் குத்தூசி போட்டுப் பார்த்து இறக்கினோம். உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளில் வண்டு. கதவோரத்திலேயே இன்னும் இருபது மூட்டை குத்தியிருந்தாலும் வண்டு தெரிந்திருக்காது. பஸ் நிலையக் கடைவீதியில் நின்று ஆயிரம் பேரைக் கேட்பதும் இதே தப்புத்தான். வீட்டில் அரைக்கும் கிராமத்துப் பெண்மணி அங்கே அகப்படமாட்டார். ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினாலும் பிழை அப்படியே நிற்கும். எல்லா ஊர், எல்லாத் தெருவிலும் எவருக்கும் சமமாக வாய்ப்பு வரும்படி குலுக்கலில் ஆள் எடுத்தால்தான் மேலே சொன்ன 1,067 செல்லும். தமிழ்நாட்டில் விசாரணைக்குச் செலவு கூடுவதும் இதனால்தான்: ஆள் அதிகமில்லை, அலைச்சல் அதிகம்.