ஒப்பந்தத் தரவுச் சரிபார்ப்பு

ஒப்பந்தத் தரவுச் சரிபார்ப்பு என்பது, நீண்ட ஒப்பந்த ஆவணங்களிலிருந்து எடுத்து அட்டவணையில் பதியப்பட்ட தேதி, தொகை, காலம் போன்ற மதிப்புகள் மூல ஆவணத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்கும் பணியாகும். எல்லா மதிப்புகளையும் மறுபடி படிப்பது பெரும்பாலும் இயலாது. எனவே சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து மூலப் பக்கத்தோடு ஒப்பிடுவர். இது மாதிரிச் சோதனை எனப்படும். ஒவ்வொரு மதிப்பும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் மதிப்போடு சேர்த்தே எழுதப்படும்.

இக்கட்டுரை கடை, அலுவலகம் போன்றவற்றின் குத்தகை ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்கிறது. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2019 சனவரி 1 முதலும், அதன் இந்திய வடிவமான இண்ட் ஏஎஸ் 116 அதே ஆண்டு ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின், இத்தரநிலைகளுக்கு உட்பட்ட நிறுவனங்கள் தாம் குத்தகைக்கு எடுத்த பெரும்பாலான இடங்களுக்குச் செலுத்தவேண்டிய வாடகையைக் கடன்பொறுப்பாகக் கணக்கில் காட்ட வேண்டியதாயிற்று. அதற்குக் குத்தகைக் காலம், வாடகை, வாடகை உயர்வு ஆகியவை ஒவ்வோர் ஒப்பந்தத்திலிருந்தும் தேவைப்பட்டன. அலமாரியில் கிடந்த பத்திரங்கள் இவ்வாறுதான் அட்டவணைகளாயின.

பக்கக் குறிப்பு

பக்க எண்ணை எழுதுவது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் ஒரே தாளுக்கு மூன்று எண்கள் இருக்கலாம். முத்திரைத்தாள் முதலில் வருவதால், ஒப்பந்தத்தில் அச்சிட்ட 5-ஆம் பக்கம் பிடிஎஃப் கோப்பில் 7-ஆம் பக்கமாக இருக்கும். பதிவு செய்யப்பட்ட ஆவணமானால் சார்பதிவாளர் அலுவலகம் இட்ட தாள் எண் வேறொன்றாக இருக்கும். மூன்றில் எதை எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், ஒருவர் எழுதிய "பக்கம் 5" மற்றவருக்குப் பயன்படாது.

பிடிஎஃப் எண்ணையே எழுதுவது நல்லது. திரையில் அந்த எண்ணைத் தட்டினால் நேராகப் பக்கம் வந்துவிடும். அதோடு கோப்பின் பெயரையும் ஷரத்து எண்ணையும் சேர்க்க வேண்டும். நாளை யாராவது கோப்பை மறுபடி ஸ்கேன் செய்து பக்கங்கள் இடம் மாறினாலும் ஷரத்து எண் மாறாது.

இல்லாத ஒன்றுக்கும் குறிப்பு வேண்டும். "புதுப்பிக்கும் உரிமை: இல்லை" என்று எழுதப்பட்டால், அது ஆவணம் முழுவதையும் படித்துக் கண்ட முடிவா, தேடாமல் விட்டதா என்பது தெரிய வேண்டும். "1 முதல் 34 வரை படிக்கப்பட்டது; காணவில்லை" என்று எழுதினால் போதும். வெற்றுக் கட்டங்களைச் சரிபார்ப்போர் குறைவு. விடுபட்ட ஷரத்துகள் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

நம்பகத் தரம்

"எனக்கு 90 விழுக்காடு உறுதி" என்று எழுதுவதால் பயனில்லை. ஒருவரின் 90 இன்னொருவருக்கு 70. எனவே மனத்தின் உறுதியை விட்டுவிட்டு, ஆவணத்தில் கிடைக்கும் சான்றைக் கொண்டு தரத்தை வரையறுப்பர். மூன்று தரங்கள் போதுமானவை. மதிப்பு ஓரிடத்தில் வெளிப்படையாக, தெளிவாகப் படிக்கும்படி இருந்து, பின்வந்த எந்த ஆவணமும் அதை மாற்றவில்லையெனில் அது உயர்தரம். இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பெற்றதானால் நடுத்தரம். எழுத்து மங்கியிருந்தால், பக்கம் விடுபட்டிருந்தால், அல்லது இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் தாழ்தரம். எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறொரு தொகையும் இருப்பது இக்கடைசி வகை. அப்போது சரிபார்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், இரண்டையும் எழுதி வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

120 கடைகளைக் குத்தகைக்கு எடுத்துள்ள ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் 25 புலங்கள். மொத்தம் 3,000 மதிப்புகள். அவற்றுள் 47-ஆம் கடைக்கு இரண்டு கோப்புகள் உள்ளன. ஒன்று 34 பக்க மூல ஒப்பந்தம். மற்றது 4 பக்கத் துணை ஒப்பந்தம். அட்டவணையில் முதலில் இப்படி இருந்தது:

```
புலம்                | மதிப்பு          | கோப்பு      | பக்கம் | ஷரத்து | தரம்
மாத வாடகை           | 1,80,000        | L047-A.pdf | 7     | 3.1   | உயர்
வாடகை தொடக்கம்      | 12.03.2021      | L047-A.pdf | 1     | -     | உயர்
வாடகை உயர்வு         | 36 மாதத்துக்கு 15% | L047-A.pdf | 8     | 3.4   | உயர்
லாக்-இன் முடிவு       | 11.03.2024      | L047-A.pdf | 9     | 4.2   | உயர்
```

நான்கும் உயர்தரம். சரிபார்ப்பவர் முதலில் "மதிப்பு" என்ற பத்தியை மறைத்துவிட்டு, குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து, தாமே படித்து ஒரு மதிப்பை எழுதுகிறார். பிறகே இரண்டையும் ஒப்பிடுகிறார். இந்த வரிசை முக்கியம். 1,80,000 என்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக்குப் போனால், மங்கலான 1,60,000-உம் கண்ணுக்கு 1,80,000 ஆகவே தெரியும்.

மாத வாடகை எண்ணிலும் எழுத்திலும் ஒத்துப்போகிறது. அடுத்தது வாடகை தொடக்கம். முதல் பக்கத்தில் உள்ள 12.03.2021 ஒப்பந்தம் கையெழுத்தான நாள்தான். 7-ஆம் பக்கத்தில் ஷரத்து 3.2, இடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து வாடகை தொடங்கும் என்கிறது. ஒப்படைப்புக் கடிதம் 31-ஆம் பக்கத்தில் இணைப்பாக உள்ளது. அதன் தேதி 01.05.2021. ஆக வாடகை தொடக்கம் 01.07.2021. இந்தத் தேதி ஆவணத்தில் எங்கும் அச்சாகவில்லை என்பதால் இதன் தரம் "நடு". பக்கக் குறிப்பு 7, 31 என்று இரண்டு.

லாக்-இன் என்பது குத்தகைதாரர் காலி செய்யக் கூடாத காலம். அதற்கு முன் காலி செய்தால், மீதிக் காலத்துக்கும் வாடகை தர வேண்டும் என்கிறது இந்த ஒப்பந்தம். ஷரத்து 4.2-இன்படி அது வாடகை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு. எனவே அது முடிவது 30.06.2024, அட்டவணை சொன்னதோ 11.03.2024. அட்டவணையை நம்பி மார்ச் 12-இல் கடையைக் காலி செய்திருந்தால், ஏறக்குறைய மூன்று மாதம் இருபது நாள் வாடகையை, அதாவது சுமார் 6.5 லட்சம் ரூபாயை, வீணாகத் தர வேண்டியிருந்திருக்கும். ஒரு தேதிப் பிழை அடுத்த புலத்துக்கும் பரவியதைக் கவனிக்கலாம்.

வாடகை உயர்வில் உள்ள பிழை இன்னும் நுட்பமானது. 8-ஆம் பக்கத்தைத் திறந்தால் 15% என்றே இருக்கிறது. மதிப்பும் பக்கமும் பொருந்துகின்றன. அவசரத்தில் சரிபார்ப்பவர் "சரி" என்று குறித்துவிடுவார். ஆனால் L047-B.pdf என்ற துணை ஒப்பந்தத்தின் 2-ஆம் பக்கம் அதை 12% ஆக மாற்றியிருக்கிறது. 36 மாதத்துக்குப் பின் வாடகை 2,07,000 அல்ல, 2,01,600. வேறுபாடு மாதம் 5,400; அடுத்த 36 மாதத்தில் 1,94,400 ரூபாய். பக்கத்தோடு பொருந்தினால் மட்டும் போதாது. அந்தப் பக்கம் இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் கேட்க வேண்டும். அதற்காக, சோதனை தொடங்குமுன் ஒவ்வொரு கடைக்கும் எத்தனை ஆவணங்கள், அவற்றின் தேதி வரிசை என்ன என்று எழுதிக்கொள்வர்.

எத்தனை பார்ப்பது

எல்லாப் புலங்களும் ஒரே எடை உடையவை அல்ல. வாடகை, தொடக்க நாள், உயர்வு, லாக்-இன் ஆகிய நான்கையும் 120 ஒப்பந்தங்களிலும் முழுமையாகவே பார்த்துவிடலாம். ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால் 480 மதிப்புகளுக்கு 32 மணி நேரம்; இருவர் உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரே கடையில் தவறக்கூடிய தொகையைப் பார்த்தால் இது பெரிய செலவு அல்ல.

மீதி 2,520 மதிப்புகளில்தான் மாதிரி தேவை. அதைக் கையால் பொறுக்கக் கூடாது. மனிதர் தம்மை அறியாமலே சுத்தமான, குறுகிய ஆவணங்களை நாடுவர். விரிதாளில் ஒரு பத்தியில் `=RAND()` என்று இட்டு, வந்த எண்களை மதிப்புகளாக ஒட்டி நிலைப்படுத்தி, அந்தப் பத்தியின்படி முழு அட்டவணையையும் வரிசைப்படுத்தி முதல் 150-ஐ எடுக்கலாம்.

150-இல் ஒரு பிழையும் இல்லை என்று வந்தால் மீதியில் பிழையே இல்லை என்று பொருளா? இல்லை. புள்ளியியலில் இதற்கு ஓர் எளிய விதி உண்டு: n மாதிரிகளில் பிழை ஏதும் இல்லையெனில், உண்மையான பிழை வீதம் 95 விழுக்காடு நம்பிக்கையுடன் 3/n-க்குள் இருக்கும். 150 பார்த்தால் 2 விழுக்காடு வரை இருக்கலாம். 2,520-இல் அது சுமார் 50 பிழைகள். 30 மட்டும் பார்த்துவிட்டு "சரிபார்க்கப்பட்டது" என்று அறிக்கை எழுதினால், 10 விழுக்காடு வரை பிழை இருக்கக்கூடிய அட்டவணைக்குச் சான்று தருகிறோம் என்று பொருள்.

பிழை கிடைத்தால்

கண்ட பிழையைத் திருத்திவிட்டு "இப்போது 150-உம் சரி" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. மாதிரியில் இருந்தவை திருந்தின. மாதிரிக்கு வெளியே இருப்பவை அப்படியே உள்ளன. திருத்துவதற்கு முந்தைய எண்ணிக்கைதான் அட்டவணையைப் பற்றிச் சொல்கிறது. ஆகவே பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பார்த்தவர், பார்த்த நாள் ஆகியவை தனிப் பத்திகளில் நிற்க வேண்டும். எடுத்தவர் முதலில் இட்ட தரத்தையும் அழிக்கக் கூடாது.

பிறகு, அதே காரணம் வேறு எங்கே இருக்கும் என்று பார்ப்பர். 47-ஆம் கடை ஒரு வணிக வளாகத்தில் இருந்து, அதே உரிமையாளரின் அச்சு வடிவில் இன்னும் 13 ஒப்பந்தங்கள் இருந்தால், அந்த 13-இல் ஒப்படைப்பு நாளை ஒட்டிய புலங்கள் அனைத்தையும் பார்க்க வேண்டும். நாள்/மாதம் இடம் மாறிய பிழையானால், நாளும் மாதமும் 12-க்குள் உள்ள தேதிகள் அனைத்தும் சந்தேகத்துக்குரியவை, 25.07.2019 போன்றவற்றை விட்டுவிடலாம்.

கடைசியாக, தரங்களே சோதனைக்கு உட்பட்டவை. பார்த்தவற்றைத் தரவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பிழை என்று எண்ணினால் போதும். தாழ்தரத்தில் பிழை மிகுந்தும் உயர்தரத்தில் அரிதாகவும் இருந்தால், உயர்தரம் என்ற சொல்லை நம்பலாம். 47-ஆம் கடையில் நான்கு "உயர்" மதிப்புகளில் மூன்று தவறு. அதைக் குறித்தவர் வேறு எத்தனை ஒப்பந்தங்களைக் கையாண்டார் என்பது அட்டவணையில் இருந்தால், அடுத்து எந்தக் கோப்புகளைத் திறப்பது என்பதும் தெரிந்துவிடும்.