மலச்சிக்கலுக்கு லிக்விட் பாராஃபின்: தினமும் குடித்தால் நுரையீரலுக்கு என்ன ஆகும்?

"மூணு நாளா வெளிக்குப் போகலைப்பா, அந்த வெள்ளை மருந்து தீர்ந்துடுச்சு, ஒண்ணு வாங்கிட்டு வா." ஊருக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து இப்படி ஒரு போன் வருவது பலருக்கும் பழக்கம்தான். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், நாமும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படிப்பவர்கள் குறைவு.

படித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று மில்க் ஆஃப் மக்னீசியா, இன்னொன்று லிக்விட் பாராஃபின். இந்த இரண்டாவதைப் பற்றித்தான் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது என்ன எண்ணெய்?

லிக்விட் பாராஃபின் என்பது கச்சா பெட்ரோலியத்திலிருந்து பிரித்து, மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த எண்ணெய். நிறமோ மணமோ ருசியோ இருக்காது. நல்லெண்ணெயைக் குடித்தால் குடல் அதைச் செரித்துவிடும். இதைச் செரிக்க நம் உடலில் வழி இல்லை. ஆகவே பெரும்பகுதி அப்படியே குடல் வழியாக இறங்கி, மலத்தின் மேல் படிந்து, அதில் உள்ள தண்ணீர் உறிஞ்சப்படாமல் தடுத்து, வழுக்கிக்கொண்டு வெளியே வர உதவுகிறது. குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் வேலை செய்யும்.

மூலநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முக்காமல் மலம் போக, டாக்டர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பார். நன்றாக விழுங்கக்கூடிய, எழுந்து நடமாடும் ஒருவருக்கு அதில் பெரிய ஆபத்து இல்லை. டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. சில நாள் மருந்து பல மாதப் பழக்கமாவதும், அது தவறான ஆளிடம் போய்ச் சேர்வதும்தான் சிக்கல்.

கொல்லிமலையில் ஒரு தாத்தா

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்து ஊரில் 74 வயது தாத்தா இருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கையில்தான் வாசம். தண்ணீர் குடித்தால் சில சமயம் புரை ஏறும். பல் இல்லாததால் கீரை, பழம் எல்லாம் குறைந்து கஞ்சி மட்டும் ஓடுகிறது. சத்துக்காக இரும்பு மாத்திரையும் போடுகிறார். மலச்சிக்கல் வர இதெல்லாமே காரணம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் மாதம் ஒரு முறை 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும்போது இரண்டு பாட்டில் வாங்கி வருகிறான். தினமும் ராத்திரி, படுத்த நிலையிலேயே, மூன்று ஸ்பூன் வாயில் ஊற்றுகிறார்கள். எட்டு மாதம் இப்படிப் போகிறது.

இப்போது தாத்தாவுக்கு விட்டுவிட்டு இருமல், லேசான மூச்சுத்திணறல். காய்ச்சல் பெரிதாக இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிகிறது. நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். ஒரு கோர்ஸ் முடிந்தும் எக்ஸ்ரே அப்படியே இருக்கிறது.

எண்ணெய் நுரையீரலுக்கு எப்படிப் போனது?

தண்ணீரோ சோறோ மூச்சுக்குழாய் பக்கம் போனால் உடனே இருமல் வந்து தள்ளிவிடும். இந்த எண்ணெய் மிருதுவானது, எரிச்சல் தராது. அதனால் இருமலைத் தூண்டாமலே மெதுவாக உள்ளே இறங்கிவிடும். படுத்தபடி குடிப்பவர், புரையேறுபவர், நெஞ்செரிச்சலால் வயிற்றில் உள்ளது மேலே வருபவர் என இவர்களுக்கு ராத்திரி தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இது நடக்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

நுரையீரலில் உள்ள துப்புரவு செல்கள் எண்ணெயை விழுங்கும். ஆனால் உடைக்க முடியாது. அந்தச் செல் இறந்ததும் எண்ணெய் திரும்பவும் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். இப்படியே அழற்சி நீடித்து, சிலருக்கு அந்த இடம் தழும்பாகி இறுகிவிடும். இதற்கு லிப்பாய்ட் நிமோனியா என்று பெயர். 1925-லேயே லாஃப்லென் என்ற மருத்துவர் இதை விவரித்துவிட்டார்.

நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு வரும் எண்ணெய் நிமோனியா பற்றி 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவதையும், அழ அழ வாயில் புகட்டுவதையும் டாக்டர்கள் இன்றும் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தாத்தா விஷயத்தில் விடை சிடி ஸ்கேனில் கிடைக்கும். சளி, தண்ணீர், கொழுப்பு மூன்றும் ஸ்கேனில் வேறுவேறு அடர்த்தியில் தெரியும். நுரையீரலில் கொழுப்பின் அடர்த்தி தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அதற்கு மலையிறங்கிப் போக வேண்டியிருக்கலாம். அதைவிடச் சீக்கிரம் விடை தரும் கேள்வி ஒன்று உண்டு: "வேற என்ன மருந்து கொடுக்கறீங்க?" மலச்சிக்கல் மருந்தை மருந்தாகவே நினைக்காத வீட்டார் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். டாக்டரிடம் போகும்போது அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். சிகிச்சையின் முதல் படி எண்ணெயை நிறுத்துவதுதான்.

வைட்டமினை என்ன செய்கிறது?

ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரைக் குழம்பு சாப்பிட்ட கையோடு இந்த எண்ணெயைக் குடித்தால், கீரையில் உள்ள கரோட்டினில் ஒரு பகுதி எண்ணெயில் கரைந்து, அதோடு சேர்ந்து வெளியே போய்விடும். நாலு நாள் குடிப்பதால் பற்றாக்குறை வராது. மாதக்கணக்கில், அதுவும் சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும்போதுதான் கவலை. குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வைட்டமின் கே குறைந்தால் அந்த மாத்திரையின் வேலை அதிகமாகி ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிகள் தொடர்ந்து குடித்தால் பிறக்கும் குழந்தைக்கு வைட்டமின் கே குறையலாம்.

யார் தொடவே கூடாது?

படுக்கையில் இருப்பவர்கள், புரையேறுபவர்கள், கர்ப்பிணிகள், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள். டாக்குசேட் என்ற மலமிளக்கியையும் இதோடு சேர்க்கக் கூடாது, அது எண்ணெய் உடலில் உறிஞ்சப்படுவதைக் கூட்டும். உள்ளாடையில் எண்ணெய் கசிந்து கறை தெரிந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

அப்போ தாத்தாவுக்கு என்ன கொடுப்பது?

லாக்டுலோஸ் எண்ணெய் இல்லாத சிரப். குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். அதையும் நிமிர்த்தி உட்காரவைத்து, நிதானமாகத்தான் கொடுக்க வேண்டும். அடிக்கடி புரையேறினால், ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மருந்து பற்றி டாக்டரிடம் கேட்கலாம். இசப்கோல் நல்ல மருந்துதான். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரோடு குடிக்க முடியாதவருக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும், எனவே இவருக்கு வேண்டாம். இரும்பு மாத்திரையை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பல் இல்லாவிட்டாலும் நன்றாக வேகவைத்து மசித்த கீரை இறங்கும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வயிறு உப்பி வாந்தி இவற்றில் ஏதாவது இருந்தால் எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.