வட்டி கூடியும் குறைந்த சேமிப்பு

தையல் தொழில் செய்யும் ஓர் அம்மையாரிடம் 2,000 ரிங்கிட் சேமிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் வாங்க விரும்பும் புதிய தையல் இயந்திரத்தின் விலையும் 2,000 ரிங்கிட்தான். பழைய இயந்திரம் இன்னும் ஓராண்டுக்கு உழைக்கும். அதற்குள் வட்டியும் கிடைக்கட்டும் என்று எண்ணி, அவர் அந்தப் பணத்தை 4 விழுக்காடு வட்டிக்கு நிரந்தர வைப்பில் போடுகிறார். ஓராண்டு முடிந்ததும் வங்கி சொன்னபடியே 2,080 ரிங்கிட்டைத் தருகிறது. ஆனால், அவர் கடைக்குச் செல்லும்போது அதே இயந்திரத்தின் விலை 2,120 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு அவரால் வாங்க முடிந்த பொருளை, இன்று அதைவிடக் கூடுதலான பணம் இருந்தும் வாங்க முடியவில்லை. அவருக்கு 40 ரிங்கிட் போதவில்லை.

வங்கி அவரை ஏமாற்றவில்லை. வட்டியும் சரியாகவே கணக்கிடப்பட்டது. அப்படியானால் இழப்பு எங்கே ஏற்பட்டது? பணத்தை இரண்டு வகையில் அளக்கலாம் என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். கையில் எத்தனை ரிங்கிட் இருக்கிறது என்று எண்ணுவது ஒரு வகை. அந்த ரிங்கிட்டைக் கொண்டு எவ்வளவு பொருள் வாங்கலாம் என்று பார்ப்பது மற்றொரு வகை. இரண்டாவதைப் பணத்தின் வாங்கும் திறன் என்பர். அந்த அம்மையாரின் பணம் எண்ணிக்கையில் கூடியது; வாங்கும் திறனில் குறைந்தது.

வங்கியின் அறிவிப்புப் பலகையில் காணப்படும் வட்டி விகிதத்தைப் பெயரளவு வட்டி விகிதம் என்று பொருளியலில் குறிப்பிடுவர். பணத்தின் எண்ணிக்கை எவ்வளவு கூடும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. வாங்கும் திறன் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதைக் காட்டுவது மெய் வட்டி விகிதம். பெயரளவு வட்டி விகிதத்திலிருந்து விலைவாசி உயர்வைக் கழித்தால் மெய் வட்டி விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வட்டி 4 விழுக்காடு; விலை உயர்வு 6 விழுக்காடு. எனவே, மெய் வட்டி விகிதம் சுழியத்திற்குக் கீழே 2 விழுக்காடு. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இர்விங் பிஷர் இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்து விளக்கியதால், இது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

தையல் இயந்திரம் ஒரு பொருள் மட்டுமே. எல்லாருக்கும் பொதுவாகக் கணக்கிட வேண்டுமானால், மக்கள் வழக்கமாகச் செலவிடும் உணவு, வாடகை, போக்குவரத்து, மின்சாரம் போன்ற பலவற்றின் விலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்காகவே நாட்டின் புள்ளிவிவரத் துறை பயனீட்டாளர் விலைக் குறியீட்டை மாதந்தோறும் வெளியிடுகிறது. அக்குறியீடு ஓராண்டில் எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்பதே பணவீக்க விகிதம் எனப்படுகிறது.

உயர்ந்த வட்டி கிடைத்தும் சேமிப்பாளர்கள் பெரிதும் இழந்ததற்கு 2022ஆம் ஆண்டில் துருக்கி நாட்டில் நிகழ்ந்தது தெளிவான சான்று. பொருள்களின் விலை வேகமாக ஏறும்போது, மத்திய வங்கிகள் பொதுவாகத் தங்கள் வட்டி விகிதத்தை உயர்த்தும். துருக்கியிலோ இதற்கு மாறாக, அவ்வாண்டுத் தொடக்கத்தில் 14 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியின் வட்டி விகிதம் ஆண்டு இறுதிக்குள் 9 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே காலத்தில் விலைவாசி கடுமையாக ஏறியது. அதிகாரப்பூர்வக் கணக்கின்படி, 2022 டிசம்பரில் ஆண்டுப் பணவீக்கம் ஏறக்குறைய 64 விழுக்காடு.

அங்கு ஒருவர் அவ்வாண்டுத் தொடக்கத்தில் 100 லீராவை 20 விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால், ஆண்டு முடிவில் 120 லீரா பெற்றிருப்பார். நம் நாட்டு வங்கிகளோடு ஒப்பிட்டால் 20 விழுக்காடு என்பது மிகப் பெரிய வட்டி. ஆயினும், முன்பு 100 லீராவுக்குக் கிடைத்த பொருள்களை வாங்க அப்போது 164 லீரா தேவைப்பட்டது. 120ஐ 164ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.73 வரும். அதாவது, முன்பு 100 பொருள்களை வாங்கக்கூடிய நிலையில் இருந்தவரால், இப்போது 73 பொருள்களையே வாங்க முடியும். சேமிப்பின் வாங்கும் திறனில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 20இலிருந்து 64ஐக் கழித்தால் இழப்பு 44 விழுக்காடு என்று வரும். உண்மையான இழப்போ 27 விழுக்காடுதான். வட்டியும் பணவீக்கமும் சிறிய எண்களாக இருக்கும்போது மட்டுமே கழித்தல் முறை ஏறக்குறைய சரியான விடையைத் தரும். எண்கள் பெரிதாகும்போது, மேலே செய்ததைப் போல வகுத்துப் பார்ப்பதே சரியான முறை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2020ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா மலேசியா தன் கொள்கை வட்டி விகிதத்தை 1.75 விழுக்காடாகக் குறைத்தது. வங்கிகளின் வைப்பு வட்டியும் இறங்கியது. சேமிப்பாளர்கள் பலர் கவலைப்பட்டனர். ஆனால், எரிபொருள் விலைச் சரிவு, மின்கட்டணக் கழிவு ஆகியவற்றால் அவ்வாண்டில் நாட்டின் சராசரி விலைவாசி ஏறக்குறைய 1 விழுக்காடு குறைந்தது. 2 விழுக்காடு வட்டி பெற்ற ஒருவருக்கு 1,000 ரிங்கிட் 1,020 ரிங்கிட் ஆனது; முன்பு 1,000 ரிங்கிட்டுக்கு விற்ற பொருள்கள் ஏறக்குறைய 990 ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. எனவே, அவருக்குக் கிடைத்த மெய் வட்டி ஏறக்குறைய 3 விழுக்காடு. துருக்கியில் 20 விழுக்காடு வட்டி பெற்றவர் இழந்தார். மலேசியாவில் 2 விழுக்காடு வட்டி பெற்றவர் ஈட்டினார்.

எனினும், மெய் வட்டி விகிதத்தை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது. பணத்தைப் போடும் நாளில் பெயரளவு வட்டி மட்டுமே தெரியும். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் விலைகள் எவ்வளவு ஏறும் என்பது யாருக்கும் தெரியாது. அன்று செய்யக்கூடியது மதிப்பீடு மட்டுமே. மேலும், பணவீக்க விகிதம் ஒரு சராசரி. உணவுப் பொருள்களின் விலை மட்டும் மிகுதியாக உயரும் ஆண்டில், வருமானத்தின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பம் அந்தச் சராசரியைவிடக் கூடுதலான இழப்பை உணரும்.

அப்படியானால் வங்கியில் பணம் போடுவதே வீண் என்று கருதலாமா? தையல் தொழில் செய்யும் அம்மையார் அந்த 2,000 ரிங்கிட்டை வீட்டு அலமாரியிலேயே வைத்திருந்தால், இயந்திரம் வாங்க அவருக்கு 40 ரிங்கிட் அல்ல, 120 ரிங்கிட் போதாமல் இருந்திருக்கும். வட்டி அவருடைய இழப்பை முழுமையாகத் தடுக்கவில்லை என்றாலும், அதன் பெரும்பகுதியை ஈடுசெய்தது. அவர் அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்போது, பலகையில் உள்ள வட்டி விகிதத்தோடு கடந்த ஆண்டின் பணவீக்க விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இயந்திரத்தின் விலை வட்டியைவிட வேகமாக ஏறுவதாகத் தெரிந்தால், காத்திருக்காமல் அன்றே அதை வாங்கிவிடுவது நல்லதா என்றும் எண்ணிப் பார்ப்பார்.