காதால் எண்ண வேண்டிய எண்கள்

புதிய பொருளொன்றை நிறுவனத் தலைவர் மேடையேறி அறிமுகப்படுத்தும்போது, அவர் கையில் இருக்கும் உரை பெரும்பாலும் மேடைக்கென்று எழுதப்பட்டதாக இருப்பதில்லை. பொறியாளர்கள் தந்த தொழில்நுட்பக் குறிப்பு, விற்பனைப் பிரிவின் விளம்பர வாசகம், பத்திரிகைகளுக்கு அனுப்பவிருக்கும் செய்திக்குறிப்பு ஆகிய மூன்றையும் ஒட்டி, தொடக்கத்தில் ஒரு வணக்கமும் முடிவில் ஒரு நன்றியும் சேர்த்தால் உரை ஆயிற்று என்று கருதப்படுகிறது. இந்த மூன்றும் கண்ணால் படிப்பதற்காக எழுதப்பட்டவை. வாசகர் புரியாத இடத்தில் நின்று இரண்டு வரி பின்னே போய்ப் படித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் அவற்றின் வாக்கியங்களும் எண்களும் அமைகின்றன. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லாததால், உரையைத் திருத்துபவரின் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.

தமிழில் இந்த வேலைக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று, அதாவது வாக்கியத்தின் பொருளை முடித்துவைக்கும் வினைச்சொல், பொதுவாகக் கடைசியில்தான் வருகிறது. பெயரை விளக்கும் ‘ஓடும்’, ‘வடிவமைத்த’ போன்ற பெயரெச்சங்களோ பெயருக்கு முன்னால் நிற்கின்றன. எழுத்தில் இந்த அமைப்பால் நீளமான, கட்டுக்கோப்பான வாக்கியங்களை எழுத முடிகிறது. காதால் கேட்பவரோ, எதைப் பற்றிய பேச்சு என்பது தெரியாமலேயே அடைமொழிகளை ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு, பெயரும் வினையும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் அறிமுக உரைக்காகக் கற்பனையாக எழுதிய பின்வரும் பத்தி, இத்தகைய உரைகளில் வழக்கமாகக் காணப்படுவதுதான்: “முற்றிலும் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டதும், 3.7 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலத் தொகுப்புடன் ஒருமுறை முழுமையாக மின்னேற்றினால் 147 கி.மீ. வரை செல்லக்கூடியதும், 0 முதல் 80 சதவீதம் வரையிலான மின்னேற்றத்தை 4 மணி 30 நிமிடங்களில் நிறைவு செய்வதுமான இந்த ஸ்கூட்டரின் ஷோரூம் விலை ரூ.1,19,999 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது.” இலக்கணப் பிழை ஏதும் இல்லாத இந்த ஒரே வாக்கியத்தில் ஏழு எண்கள் இருக்கின்றன. ‘ஸ்கூட்டர்’ என்ற சொல் வருவதற்குள் ஆறு எண்கள் கடந்துவிடுகின்றன. ஏழாவது எண்ணான விலை, கேட்பவர் களைத்துப்போன நேரத்தில் வந்து சேர்கிறது.

திருத்துபவர் முதலில் எண்களைத் தொடாமல் வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரெச்சத்தையும் வினைமுற்றாக மாற்றினால் வாக்கியம் தானாகவே உடைந்துவிடும்: ‘உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட ஸ்கூட்டர்’ என்பது ‘இந்த ஸ்கூட்டரை இங்கேயே வடிவமைத்தோம்’ என்று ஆகிறது. அத்துடன் ‘வடிவமைக்கப்பட்ட’, ‘நிர்ணயிக்கப்பட்டுள்ளது’ போன்ற செயப்பாட்டுவினைகளும், அதாவது செய்தவர் யார் என்பதைச் சொல்லாத வினைகளும், விலகிவிடுகின்றன. மேடையில் நிற்பவரே செய்தவர்களின் சார்பில் பேசுகிறவர் என்பதால், அவர் ‘வடிவமைத்தோம்’ என்று சொல்வதே இயல்பு. எத்தனை சொல்லுக்கு ஒரு வாக்கியம் என்ற கணக்கைவிட, அந்தப் பேச்சாளர் அவசரமின்றி ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிகிறதா என்று பார்ப்பதே நம்பத் தகுந்த அளவுகோல். எல்லா வாக்கியங்களையும் ஒரே நீளத்துக்கு நறுக்கிவிட்டால் உரை பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலாகிவிடும் என்பதால், இடையிடையே சற்று நீண்ட வாக்கியம் ஒன்று வருவதில் தவறில்லை. எண் வரும் வாக்கியம் மட்டும் கட்டாயம் குறுகியதாக இருக்க வேண்டும்.

எண்களுக்கு வரும்போது, முதல் முடிவு எதை விடுவது என்பதுதான். மின்கலத்தின் கொள்ளளவான 3.7 கிலோவாட் மணி என்பது அரங்கிலுள்ள பெரும்பாலோருக்கு எதையும் உணர்த்தாது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் திரையிலோ கையேட்டிலோ பார்த்துக்கொள்வார். காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று அதை ‘மூன்றே முக்கால்’ என்று சொல்லிவிடும் ஆசை எழக்கூடும். ஆனால் முக்கால் என்பது 0.75 ஆகையால், நிறுவனம் தன் பொருளில் இல்லாத கொள்ளளவைச் சேர்த்துச் சொன்னதாகிவிடும். கால், அரை, முக்கால் என்ற வழக்குச் சொற்கள் மேடைப் பேச்சுக்குக் கிடைத்த நல்ல கருவிகள் என்பதில் ஐயமில்லை. ‘4 மணி 30 நிமிடங்கள்’ என்பதை ‘நாலரை மணி நேரம்’ என்றால் எவருக்கும் உடனே புரிகிறது. அவை சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை.

அடுத்தது முழுமையாக்கல், அதாவது சில்லறை இலக்கங்களைக் களைந்து எண்ணை அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோதல். 147 என்பதைக் கண்டதும் கை தானாக ‘நூற்றைம்பது’ என்று எழுதப் பார்க்கும். கணக்குப் பாடத்தில் அது சரி, அறிமுக மேடையில் தவறு. ஏனெனில் அந்த மூன்று கிலோமீட்டர், வாங்குபவருக்குத் தரப்படாத வாக்குறுதி. எப்பக்கம் முழுமையாக்கினால் நிறுவனத்துக்குப் பாதகமோ அப்பக்கமே முழுமையாக்குவது பாதுகாப்பானது: தூரத்தைக் குறைத்து ‘நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல்’ என்றும், விலையைக் கூட்டி ‘ஒரு லட்சத்து இருபதாயிரம்’ என்றும் சொல்லலாம். இந்தியாவில் மின்சார வண்டிகளுக்கான சான்றிதழ் தூரம் வரையறுக்கப்பட்ட சோதனை முறையில் அளக்கப்படுவதால், தெருவில் கிடைக்கும் தூரம் பொதுவாக அதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே பொறியாளர்களிடம் தெருவில் ஓட்டிப் பார்த்த அளவு உண்டா என்று கேட்பது திருத்துபவரின் கடமை. இந்த எடுத்துக்காட்டில் அது 105 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த எண்ணை அப்படியே சொல்வதைவிட, கேட்பவரின் அன்றாடத்துக்கு மாற்றிச் சொல்லலாம். தினம் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நான்கு நாள்களில் நூறு கிலோமீட்டர் ஆகிறது. ஆகவே ‘நாலு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்’ என்ற வாக்கியம், 105 என்ற எண்ணுக்குள் அடங்கியும் நிற்கிறது, மறக்காமலும் இருக்கிறது. இந்த உத்தியைப் பரவலாக அறியச் செய்தவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ். 2001 அக்டோபரில் ஐபாட் கருவியை அறிமுகப்படுத்தியபோது அதன் 5 ஜிகாபைட் கொள்ளளவை அவர் சட்டைப்பையில் அடங்கும் ஆயிரம் பாடல்களாக்கினார். 2008 ஜனவரியில், 200 நாள்களில் 40 லட்சம் ஐபோன்கள் விற்றதைச் சொன்ன கையோடு, சராசரியாக நாளொன்றுக்கு 20,000 என்று வகுத்தும் காட்டினார். இரண்டாவது கணக்கை அரங்கிலிருந்தவர்கள் மனத்துக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. முதல் கணக்கின் அடியில் ஓர் ஊகம் இருந்தது: நான்கு நிமிடப் பாடல் ஒன்றை வினாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் சேமித்தால் அது ஏறத்தாழ 4.8 மெகாபைட் ஆகும் என்பதால்தான் ஆயிரம் பாடல்கள் அடங்கின. மாற்றிச் சொல்லும் எண்களுக்குப் பெரும்பாலும் இத்தகைய ஊகம் உண்டு என்பதையும், கேள்வி நேரத்தில் யாரேனும் கேட்டால் பேச்சாளர் அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மின்னேற்றும் நேரத்திலும் இதே வழியைப் பின்பற்றி, ‘இரவு பத்து மணிக்கு பிளக் மாட்டுங்கள், விடிவதற்குள் வண்டி தயார்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் மூல உரை தரும் நாலரை மணி நேரம் 80 சதவீதத்துக்குத்தான். முழுமைக்கு எவ்வளவு நேரம் என்பது அதில் எங்கும் இல்லை. பொறியாளர் ஆறு மணி நேரம் என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி தயாராகிவிடும், வாக்கியம் நிற்கும். ஒன்பது மணி நேரம் என்றால் காலை ஏழு மணியாகிவிடும், வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். எண்களைக் காதுக்கு ஏற்பத் திருத்தும்போது, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்த இப்படிப்பட்ட ஓட்டைகள் வெளிப்படுவது வழக்கம்.

விலைதான் மிகக் கடினமான இடம். 1,19,999 என்பதை வாய்விட்டுப் படித்தால் ‘ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது’ என்று வருகிறது. ‘தொ’ என்ற ஒலி அடுத்தடுத்து மோதும் அந்தத் தொடரில் பேச்சாளரின் நாக்கு தடுக்கினால், அரங்கம் நினைவில் கொள்வது விலையை அல்ல, தடுக்கலைத்தான். ஆங்கிலத்தில் சொல்லித் தப்பிக்கலாம் என்றால், ‘நைன்டீன்’ என்பது ‘நைன்டி’ ஆகவும், ‘ஃபிஃப்டீன்’ என்பது ‘ஃபிஃப்டி’ ஆகவும் ஒலிபெருக்கியில் கேட்கக்கூடும். தமிழிலும் எழுபதும் எண்பதும் அப்படிக் குழம்பும் இணையே. ஆகவே திரையில் 1,19,999 என்று காட்டிவிட்டு, வாயால் முழுமையாக்கிய எண்ணைச் சொல்வதே நல்லது. கண்ணுக்கும் காதுக்கும் முரண்பாடு தோன்றாதிருக்க அந்த ஒரு ரூபாயையும் சொல்லிவிட வேண்டும். பதிவு, காப்பீடு முதலியவை சேராத ஷோரூம் விலை இது என்பதும் அடுத்த வாக்கியத்திலேயே வர வேண்டும். அடிக்குறிப்பு என்ற ஒன்று பேச்சில் கிடையாது.

முழு மின்னேற்றத்துக்குப் பொறியாளர் ஆறு மணி நேரம் என்றே சொன்னார் என்று வைத்துக்கொண்டால், திருத்திய பத்தி இப்போது இவ்வாறு அமையும்: “இந்த ஸ்கூட்டரை முழுக்க முழுக்க இங்கேயே வடிவமைத்தோம். சோதனையில், ஒரே சார்ஜில் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. தெருவில் ஓட்டினால் நூறு கிலோமீட்டரை நம்பலாம். தினம் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறீர்களா? நாலு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். இரவு பத்து மணிக்கு பிளக் மாட்டுங்கள். விடிவதற்குள் வண்டி தயார். விலை, ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதிலும் ஒரு ரூபாய் குறைவு. இது ஷோரூம் விலை. பதிவும் காப்பீடும் தனி.” மூலத்தைவிட இது நீளமானது. நேரம் போதாது என்றால் இன்னொரு செய்தியை விட வேண்டுமே தவிர, வாக்கியங்களை மீண்டும் ஒட்டக்கூடாது.

பேச்சாளர் முன் எழுத்துகளை ஓடவிடும் டெலிபிராம்ப்டர் திரையில் இந்த எண்கள் இலக்கங்களாக அல்லாமல் சொற்களாகவே இருக்க வேண்டும், ‘கி.மீ.’, ‘ரூ.’ போன்ற சுருக்கங்களும் விரிய வேண்டும். விலை சொன்ன பிறகு ஒரு வெற்று வரி விட்டால், பேச்சாளர் அங்கே நிற்பார். ஒத்திகையின்போது அந்தப் பொருளைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரை, திரையைப் பார்க்க முடியாத இடத்தில் உட்காரவைத்து, கேட்ட எண்களை எழுதச் சொல்ல வேண்டும். அவர் தவறாக எழுதிய எண்ணோ எழுதாமல் விட்ட எண்ணோ இருந்தால், அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று பொருள். நிறுவனங்கள் விலையைக் கடைசி நேரம்வரை மாற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. மேடை நாளன்று காலையில் புதிய விலை வந்தால், திரை, கையேடு, டெலிபிராம்ப்டர் ஆகிய மூன்றிலும் ஒரே ஆள் கையால் அதைத் திருத்திவிட்டு, பேச்சாளரை அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.