முடிவுரையில் எவ்வளவு சொல்லலாம்?

மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் கடைசியாக எழுதப்படுவது முடிவுரைதான். சமர்ப்பிக்கும் நேரம் நெருங்கியிருக்கும். பக்க வரம்பில் கால் பக்கம்தான் மிச்சமிருக்கும். எழுதுகிறவரும் களைத்திருப்பார். முன்பக்கத்துச் சுருக்கத்தில் இருக்கும் நான்கு வாக்கியங்களை எடுத்து, 'செய்கிறோம்' என்பதைச் 'செய்தோம்' என்று மாற்றி, கொஞ்சம் பெருமையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் கட்டுரையை மதிப்பிடுகிறவர்களில் பலர் சுருக்கத்தைப் படித்த கையோடு முடிவுரைக்குத்தான் போகிறார்கள். அங்கே சொல்லியிருப்பது நடுவிலுள்ள அட்டவணைகளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதற்காகவே மற்றப் பக்கங்களைப் புரட்டுகிறவர்களும் உண்டு.

பொறியியல் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு ஒன்றையே மாதிரியாக வைத்துக்கொள்வோம்: கைபேசிப் படத்தைப் பார்த்துத் தக்காளி இலையின் நோயைச் சொல்லும் கணினி மாடல். கீழே வரும் மாடலும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் போட்டவை. அப்படியொரு கட்டுரையின் முதல் வரைவில் முடிவுரை அநேகமாக இப்படி இருக்கும்:

"தக்காளி இலை நோய்களைக் கண்டறியும் புதுமையான முறையை இக்கட்டுரையில் முன்வைத்தோம். இது 94 சதவீதத் துல்லியத்துடன் தற்போதுள்ள முறைகள் அனைத்தையும் விஞ்சுகிறது. விவசாயிகள் இதை வயலில் பயன்படுத்தி மருந்துச் செலவைக் குறைக்க முடியும். எதிர்காலத்தில் மேலும் தரவுகளைச் சேர்த்து இம்முறையை மேம்படுத்துவோம்."

நான்கு வாக்கியங்களிலும் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனாலும் நான்குமே திருத்தப்பட வேண்டியவை. திருத்தும் வழி எளியது. முடிவுரையைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அதற்கு ஆதாரமான அட்டவணை அல்லது படத்தின் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். எண் எழுத முடியாத வாக்கியம் ஒன்று நீங்க வேண்டும், அல்லது ஆதாரம் இருக்கும் அளவுக்குச் சுருங்க வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குவோம், சிக்கல் அங்கேதான் அதிகம். பக்கத்தில் 'அட்டவணை 2' என்று எழுதிவிடலாம். அங்கே 94 என்ற எண் இருக்கிறது. ஆனால் அந்த எண் எதிலிருந்து வந்தது? சோதனைக்கு வைத்தவை 200 படங்கள். புதிய மாடல் 188 படங்களைச் சரியாகச் சொன்னது. ஒப்பிட்ட பழைய மாடல் 184 படங்களைச் சரியாகச் சொன்னது, அதாவது 92 சதவீதம். 'விஞ்சுகிறது' என்ற சொல் நிற்பது இந்த நான்கு படங்களின் மேல்தான்.

நான்கு படங்கள் போதுமா என்று பார்க்க, இரண்டு மாடல்களும் வேறுபட்ட இடங்களை மட்டும் எண்ண வேண்டும். பழையது தவறவிட்டுப் புதியது பிடித்தவை 10 என்றும், புதியது தவறவிட்டுப் பழையது பிடித்தவை 6 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மையில் சமமான திறமையுள்ளவை என்றால், இந்தப் 16 படங்களும் நாணயம் சுண்டியதுபோல இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்திருக்கும். நாணயத்தை 16 முறை சுண்டினால் பத்துக்கு ஆறு என்றோ அதைவிட ஏறுமாறாகவோ விழுவதற்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம். ஏறக்குறைய பாதித் தடவை தற்செயலாகவே நடக்கக்கூடிய ஒன்றை வைத்து 'விஞ்சியது' என்று சொல்ல முடியாது. புள்ளியியலில் இந்தக் கணக்குக்கு மெக்நீமர் சோதனை என்று பெயர். பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், ஆனாலும் பல கட்டுரைகளில் இது இருப்பதில்லை.

'விஞ்சுகிறது' போய்விட்டால் கட்டுரையில் என்ன மிஞ்சும் என்று மாணவர்கள் பயப்படுவார்கள். பல நேரம் நல்ல சரக்கு அதன் பின்னால்தான் மறைந்திருக்கும். நம் மாதிரியில் பழைய மாடலின் அளவு 96 மெகாபைட், புதியதின் அளவு 12 மெகாபைட். எட்டில் ஒரு பங்கு அளவில் அதே ரகத் துல்லியம் கிடைத்திருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் விலை குறைந்த கைபேசியில் ஓட வேண்டிய ஒரு கருவிக்கு இரண்டு சதவீதத் துல்லியத்தைவிட இது முக்கியம். வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதலிடம் பிடித்தோம் என்று காட்டும் அவசரத்தில் உண்மையான பங்களிப்பை ஆய்வாளரே கவனிக்காமல் விடுவதுதான் மிகைப்படுத்தலால் வரும் பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'விஞ்சுகிறது' என்பதை அடித்துவிட்டு 'சமமாக இருக்கிறது' என்று எழுதினால் அதுவும் மிகைதான். 200 படங்களில் வேறுபாடு தெரியவில்லை என்பதால் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடாது. 'இந்த அளவு படங்களை வைத்து வேறுபாடு உண்டென்று சொல்ல முடியாது' என்பதே சரியான வாக்கியம். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

'அனைத்தையும்' என்ற சொல்லையும் விடக் கூடாது. ஒப்பிட்டது எத்தனை முறைகளோடு? இரண்டு என்றால் இரண்டின் பெயரையும் எழுதலாம். அவற்றில் ஒன்றின் எண்ணை வேறொருவரின் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மாறும். அவர்கள் சோதித்த படங்கள் வேறு, நீங்கள் சோதித்தவை வேறு. அந்த ஒப்பீட்டை முடிவுரைக்குக் கொண்டுவரவே கூடாது.

மூன்றாவது வாக்கியம் வயலுக்குப் போய்விட்டது. இதன் பக்கத்தில் எந்த அட்டவணை எண்ணையும் எழுத முடியாது. படங்கள் எல்லாம் இலையைப் பறித்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்தவை. வயலில் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எந்த விவசாயியின் மருந்துச் செலவையும் கணக்கிடவில்லை.

இந்தத் துறையில் இந்தத் தாவல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பதிவான சான்று உண்டு. 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவரும் 'பிளாண்ட்வில்லேஜ்' தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்த படங்களில் அவர்களுடைய மாடல் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களை வெளியிலிருந்து தேடி எடுத்து அவற்றிலும் சோதித்தார்கள். துல்லியம் 31 சதவீதத்துக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு இறங்கியது. அதையும் கட்டுரையிலேயே எழுதினார்கள். ஒரே மாதிரியான பின்னணியில், மேற்புறம் தெரியும்படி வைத்த தனி இலைகளைத்தான் இப்போதைக்கு வகைப்படுத்த முடிகிறது என்றும் சொன்னார்கள். அதே ரகப் படங்களோடு வேலை செய்கிற ஒருவர் தம் முடிவுரையில் 'வயலில் பயன்படுத்தலாம்' என்று எழுதும்போது, 99க்கும் 31க்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை மறந்துவிடுகிறார்.

நான்காவது வாக்கியம் அடக்கமாகத் தோன்றும், ஆனால் அதில் எந்தச் செய்தியும் இல்லை. மேலும் தரவு சேர்ப்போம் என்பதை எந்தக் கட்டுரையின் கடைசியிலும் ஒட்டலாம். வரம்பு என்று ஒன்றை எழுதினால், அதைப் படித்தபின் வாசகர் உங்கள் எண்ணைப் பயன்படுத்தும் விதம் மாற வேண்டும். 'எல்லாப் படங்களும் வெள்ளைத் தாளில் எடுத்தவை' என்பது அப்படிப்பட்ட வரம்பு. 'ஒரே இலையில் இரண்டு நோய்கள் இருந்தால் என்னாகும் என்று சோதிக்கவில்லை' என்பதும் அப்படித்தான். இவற்றைப் படிக்கிறவர் எங்கே இந்த மாடலை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்கிறார்.

வரம்பு வேறு, பிழை வேறு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே இலையை ஐந்து கோணங்களில் படமெடுத்து, அவற்றில் மூன்று பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போயிருந்தால், மாடல் நோயைக் கற்காமல் அந்த இலையையே நினைவில் வைத்திருக்கலாம். 94 என்ற எண்ணே அப்போது செல்லாது. இதை 'எங்கள் ஆய்வின் வரம்பு' என்று முடிவுரையில் ஒப்புக்கொண்டு தப்பிக்க முடியாது. ஓர் இலையின் படங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி பிரித்து, சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும்.

வரம்புகளை வெளிப்படையாக எழுதினால் கட்டுரையை நிராகரித்துவிடுவார்கள் என்ற பயம் ஆய்வு மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. பெரிய மாநாடுகளின் விதிகள் வேறு திசையில் போய்விட்டன. இயந்திரக் கற்றலின் முக்கிய மாநாடான நியூரிப்ஸ் 2021 முதல் கட்டுரையோடு ஒரு சரிபார்ப்புப் பட்டியலையும் கேட்கிறது. சுருக்கத்திலும் முன்னுரையிலும் சொல்லும் உரிமைகோரல்கள் கட்டுரையின் பங்களிப்போடு பொருந்துகின்றனவா, வரம்புகள் பேசப்பட்டிருக்கின்றனவா என்ற கேள்விகள் அதில் உண்டு. வரம்புகளை நேர்மையாகச் சொன்னதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று மதிப்பீட்டாளர்களுக்கு அறிவுறுத்தப்படும் என்றும் அது சொல்கிறது. கணினி மொழியியலின் ஏ.சி.எல். மாநாட்டில் 2023இல் வரம்புகளுக்கென்று தனிப் பகுதி கட்டாயம் ஆனது. அது பக்க வரம்பில் சேராது என்பதால் இடமில்லை என்ற சாக்கும் போய்விட்டது.

இனி நம் மாதிரி முடிவுரையைத் திருத்தி எழுதுவோம்:

"தக்காளி இலையின் நான்கு நோய்களைப் படத்திலிருந்து பிரித்துச் சொல்லும் 12 மெகாபைட் மாடலை உருவாக்கினோம். 200 சோதனைப் படங்களில் அது 188ஐச் சரியாகச் சொன்னது. அதே படங்களில் நாங்களே பயிற்சி கொடுத்து ஓட்டிய 96 மெகாபைட் மாடல் 184ஐச் சரியாகச் சொன்னது. இந்த அளவு படங்களை வைத்துத் துல்லியத்தில் வேறுபாடு உண்டென்று சொல்ல முடியாது. எட்டில் ஒரு பங்கு அளவில் இந்தத் துல்லியத்தை எட்டியதே இக்கட்டுரையின் பங்களிப்பு. எல்லாப் படங்களும் பறித்த இலையை வெள்ளைத் தாளில் வைத்து ஒரே கைபேசியில் எடுத்தவை. செடியிலுள்ள இலைகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட நோய் தாக்கிய இலைகளிலும் சோதிக்கவில்லை. ஆகவே வயல் பயன்பாட்டுக்கு இந்த எண்களைக் கொள்ளக் கூடாது. வயலில் எடுத்த படங்களில் இதே சோதனையை அடுத்துச் செய்யவிருக்கிறோம்."

'புதுமையான' என்ற அடைமொழி போய்விட்டது. என்ன புதிது என்பது வந்துவிட்டது. 'இருக்கலாம்', 'போலத் தோன்றுகிறது' என்ற தயக்கச் சொற்களும் இதில் இல்லை. அளந்ததை அளந்தோம் என்று உறுதியாகச் சொல்கிறது, அளக்காததை அளக்கவில்லை என்கிறது. மிகைக்குப் பயந்து ஒவ்வொரு வினைச்சொல்லிலும் 'லாம்' ஒட்டுகிறவர்கள் உண்டு. அதுவும் வாசகருக்கு உதவாது. 188 என்பது எண்ணிப் பார்த்த எண், அதில் தயங்க ஒன்றுமில்லை.

முடிவுரையைத் திருத்தியதோடு வேலை முடியாது. 'விஞ்சுகிறது' சுருக்கத்திலும் உட்கார்ந்திருக்கும், 'வயலுக்கேற்ற' என்பது தலைப்பிலேயே இருக்கும். முடிவுரையைக் கையில் வைத்துக்கொண்டு அவை இரண்டையும் அதே பென்சிலால் திருத்துங்கள். பிறகு, ஆய்வில் பங்கெடுக்காத ஒரு நண்பரிடம் முடிவுரையை மட்டும் கொடுத்து, இதை நம்பி என்ன செய்வாய், என்ன செய்யமாட்டாய் என்று கேளுங்கள். நீங்கள் சோதிக்காத ஒன்றைச் செய்வேன் என்று அவர் சொன்னால், கட்டுரையை அனுப்பாமல் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை எழுதுங்கள்.