இணையச் சந்தைக்கு அனுமதிக் கடிதம்

பரவைச் சந்தையில் மிளகாய் வாங்கி, மோர் மிளகாய் தயாரித்து, இணையச் சந்தையில் விற்க விரும்பும் மகளிர் குழுவொன்றை எடுத்துக்கொள்வோம். உணவுப் பண்டங்களுக்கு அங்கே பெரும்பாலும் முன் அனுமதி வேண்டும். கடிதம் இவ்வாறு அமையலாம்:

“ஐயா, எங்கள் குழு தயாரிக்கும் மோர் மிளகாயை உணவு வகையில் விற்க அனுமதி வேண்டுகிறோம். இணைப்பு: 1. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ். 2. சரக்கு, சேவை வரிப் பதிவுச் சான்று. 3. பொட்டலத்தின் முன்புற, பின்புறப் படங்கள்.”

சான்றிதழிலுள்ள பெயரும் முகவரியும் விற்பனைக் கணக்கிலும் பொட்டலத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும். நாமே தயாரிக்கையில், சான்றிதழில் வணிகம் என்று மட்டும் குறித்திருந்தால் விண்ணப்பம் தள்ளப்படலாம். அதனை முன்னரே திருத்திக்கொள்ளுதல் நன்று. 14 இலக்கப் பதிவெண், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள் ஆகியவை படத்தில் தெளிவாகத் தெரிதல் அவசியம்.